90 நிமிடம், 4 எம்பிபிஎஸ்: கஃபே மேசையில் நிற்கும் அட்டையின் கணக்கு

கஃபேக்களில் மேசை மேல் ஒரு சிறு அட்டை நிற்கும். ‘வாடிக்கையாளர்களுக்கு வைஃபை இலவசம். வேகம் 4 எம்பிபிஎஸ். நேரம் 90 நிமிடம்’ என்பதோடு அது முடிந்துவிடும். ஏன் நான்கு, ஏன் தொண்ணூறு என்று சொல்லாது. 100 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருக்கும் கடை ஆளுக்கு நான்கு மட்டும் அளந்து ஊற்றினால் கஞ்சத்தனமாகத் தெரியும். வேலையின் நடுவே இணைப்பு அறுந்தால் ‘எழுந்து இடம் விடுங்கள்’ என்று சொல்வதுபோல இருக்கும். இந்த இரண்டு சந்தேகங்களில் முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது பெரும்பாலும் சரி. வேகத்துக்கான வரம்பு, இணையம் பாயும் விதத்திலிருந்து வருவது. நேரத்துக்கான வரம்பு, பெரும்பாலும் நாற்காலியிலிருந்து வருவது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, காரணத்தைச் சொல்லாமல் விடுவதால்தான் வாடிக்கையாளருக்குக் குழப்பமும் கடைக்காரருக்கு மனத்தாங்கலும் மிஞ்சுகின்றன.

நான்கு எங்கிருந்து வந்தது

கணக்குப் போட்டுப் பார்க்க 40 இருக்கைகள் உள்ள ஒரு கஃபேயை எடுத்துக்கொள்ளலாம். கோவையிலோ சென்னையிலோ ஒரு கல்லூரிக்குப் பக்கத்தில் அது இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்கு இருப்பது ஒரே இணைப்பு. இணையத்திலிருந்து கடைக்கு இறங்கும் திசையில் 100 எம்பிபிஎஸ், கடையிலிருந்து ஏறும் திசையில் 20 எம்பிபிஎஸ். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவு. கோப்புகளையும் படங்களையும் மெகாபைட்டில் அளப்பது வழக்கம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். 4 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அரை மெகாபைட்.

இந்த 100 முழுவதும் வாடிக்கையாளருக்கு உரியதல்ல. பில் போடும் கணினி, அட்டை தேய்க்கும் கருவி, வீட்டு விநியோக ஆர்டர்களைக் காட்டும் டேப்லெட், கண்காணிப்புக் கேமரா எல்லாம் அதே இணைப்பில்தான் ஓடுகின்றன. இவற்றுக்குப் பெரிய வேகம் தேவையில்லை. ஆனால் தேவைப்படும் நொடியில் கட்டாயம் கிடைக்க வேண்டும். பில் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் கவுன்ட்டரில் வரிசை நீளும். எனவே கடைக்காரர் 20 எம்பிபிஎஸ்ஸைக் கடைக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 80-ஐ விருந்தினர் வைஃபைக்கு விடுகிறார்.

மாலை ஆறு மணிக்குக் கடையில் 45 கருவிகள் இணைந்திருக்கின்றன என்று கொள்வோம். ஒருவரிடமே போனும் மடிக்கணினியும் இருப்பதால் கருவிகளின் எண்ணிக்கை தலைகளைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்த 45-இல் 25 போன்கள் சட்டைப் பையிலோ மேசை மீதோ சும்மா கிடக்கின்றன. 12 பேர் செய்தியும் சமூக வலைத்தளமும் புரட்டுகிறார்கள். 5 பேர் வீடியோ பார்க்கிறார்கள். 2 பேர் அலுவலக வீடியோ அழைப்பில் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பெரிய கோப்பொன்றைப் பதிவிறக்குகிறார். உண்மையில் வேலை செய்பவை 20 கருவிகள். 80-ஐ 20-ஆல் வகுத்தால் நான்கு. அட்டையில் உள்ள எண் இப்படித்தான் பிறக்கிறது. மொத்தக் கருவிகளால் வகுத்தால் ஆளுக்கு இரண்டுகூட வராது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் கடைக்காரர் நான்கு தருகிறார்.

நான்கு போதுமா என்பதற்கும் விடை உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 720p தரத்துக்கு 3 எம்பிபிஎஸ்ஸும் 1080p தரத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸும் பரிந்துரைக்கிறது. ஜூமில் பலர் சேர்ந்து பேசும் அழைப்புக்கு 720p தரத்தில் இறங்க 1.8, ஏற 2.6 எம்பிபிஎஸ் வேண்டும். இறங்க 4, ஏற 2 என்று வரம்பு வைத்தால், அனுப்பும் படத்தின் தரம் சற்றுக் குறைந்தாலும் அழைப்பு நடக்கும். போன் திரையில் படம் தெளிவாகவே ஓடும். மடிக்கணினியில் உயர்தரப் படம் பார்ப்பவருக்கு மட்டும் தரம் ஒரு படி இறங்கும்.

ஒருவர் இழுத்தால் என்ன ஆகும்

வரம்பே இல்லாவிட்டால் மேலே சொன்ன மாலை எப்படிப் போகும்? பெரிய கோப்பைப் பதிவிறக்கும் அந்த ஒருவரைப் பார்த்தால் போதும். அவர் 2 ஜிபி அளவுள்ள ஒரு விளையாட்டைத் தன் மடிக்கணினியில் ஏற்றுகிறார். 2 ஜிபி என்பது 16,000 மெகாபிட். பதிவிறக்கும் மென்பொருளுக்குப் பக்கத்து மேசை பற்றிய கவலை கிடையாது. கிடைக்கும் வேகத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும்படிதான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பல கைகளால் வாரும். 100 எம்பிபிஎஸ் முழுவதையும் அது பிடித்துவிட்டால் வேலை 160 நொடியில் முடியும். அந்த இரண்டரை நிமிடத்துக்கும் மேலாக மற்ற 19 பேரின் பக்கங்கள் திறக்காமல் திணறும். அப்படி மூன்று நான்கு பேர் அடுத்தடுத்து வந்தால் மாலை முழுவதும் ‘இந்தக் கடையில் வைஃபை சரியில்லை’ என்ற பேச்சுதான் மிஞ்சும்.

வரம்பு 4 என்றால் அதே கோப்பு இறங்க 4,000 நொடி, அதாவது சுமார் 67 நிமிடம் ஆகும். அவருக்கு அது சலிப்பு. ஆனால் இணைப்பில் அவர் பிடிக்கும் இடம் நூற்றில் நான்கு மட்டும். ஒருவரின் இரண்டரை நிமிட வேலையை ஒரு மணி நேரமாக நீட்டி, மற்றவர்களின் ஒரு நொடி வேலையை ஒரு நொடியிலேயே முடிய வைப்பதுதான் வேகக் கட்டுப்பாடு செய்யும் காரியம். வரம்பு வைத்த பிறகு பெரும்பாலோருக்கு வைஃபை முன்பைவிட வேகமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

ரௌட்டர் இதைச் செய்யும் முறை எளிது. ஒரு கருவிக்கான தரவு, பொட்டலம் பொட்டலமாக வருகிறது. நொடிக்கு நான்கு மெகாபிட்டைத் தாண்டும் பொட்டலங்களை ரௌட்டர் நிறுத்தி வைக்கும், மிகுந்துபோனால் கைவிடும். பொட்டலம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் மறுமுனையில் உள்ள சர்வர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோச் செயலிகள் ஒரு படி கூடப் போய், கிடைக்கும் வேகத்துக்கு ஏற்பப் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்கின்றன. விவரமறிந்த கடைக்காரர்கள் இன்னொரு சலுகையும் தருவதுண்டு: முதல் சில நொடிகளுக்கு மட்டும் 10 எம்பிபிஎஸ் வரை விட்டு, இழுப்பு தொடர்ந்தால் நான்குக்கு இறக்குவது. ஒரு செய்திப் பக்கம் திறந்து முடிய அந்தச் சில நொடிகளே போதும். நீண்ட பதிவிறக்கத்துக்கு மட்டும் வரம்பு உறைக்கும்.

மேலே போகும் பாதை

கஃபேயில் வீடியோ அழைப்பு உடைவதற்குப் பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்றமே அதிகம் காரணமாகிறது. பலருடைய போன்கள் வைஃபை கிடைத்தவுடன், அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. உரிமையாளர் காபி குடித்துக்கொண்டிருப்பார். அவருடைய பையில் உள்ள போன் ஒரு கல்யாண வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்.

ஏறும் பாதை 20 எம்பிபிஎஸ்தான். அதைவிட வேகமாகப் போன்கள் தரவைத் தள்ளினால் மிச்சம் ரௌட்டரில் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் 1 எம்பி தேங்கிவிட்டது என்று கொண்டால் அது 8 மெகாபிட். 20 எம்பிபிஎஸ்ஸில் அது கரைய 0.4 நொடி வேண்டும். அப்போது பக்கத்து மேசைக்காரர் அழைப்பில் ‘ஹலோ’ என்றால் அந்தக் குரல், கல்யாண வீடியோவின் பின்னால் 0.4 நொடி காத்திருந்துதான் கடையை விட்டு வெளியே போகும். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 0.15 நொடிக்குள் இருப்பது நல்லது, 0.4 நொடியைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இங்கே வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், பிறகு இருவரும் நிறுத்துவதும், மறுபடி ஒன்றாகத் தொடங்குவதும் இதனால்தான்.

அளவுக்கு மீறிய இந்த வரிசைக்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர். தன் வீட்டு இணைப்பு ஏன் தாமதமாகிறது என்று தேடப் போய் 2010 வாக்கில் அவர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. வேகச் சோதனையில் எண் நன்றாக இருக்கும், ஆனால் அழைப்பு மட்டும் உடையும். அப்படியானால் குறை வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஏறும் திசைக்கும் கருவிக்கு 2 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தால், மூன்று போன்கள் படம் ஏற்றினாலும் ஆறுதான் போகும், வரிசை சேராது. மேசை அட்டைகள் இறங்கும் வேகத்தை மட்டும் சொல்கின்றன. அழைப்பைக் காப்பாற்றுவது ஏறும் வேகத்துக்கு வைத்த வரம்பு.

மாதக் கடைசி

வேக வரம்புக்குப் பணத்தோடும் தொடர்பு உண்டு. இந்தியாவில் ‘வரம்பற்றது’ என்று விற்கப்படும் பல ஃபைபர் திட்டங்களில் மாதத்துக்கு 3,300 ஜிபி என்று ஓர் எல்லை சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் இணைப்பு அறுக்கப்படாது; வேகம் மட்டும் சில எம்பிபிஎஸ்ஸாகச் சுருங்கும். ஒரு குடும்பம் இந்த எல்லையைத் தொடுவது அபூர்வம். கஃபே எளிதில் தொட்டுவிடும்.

மேலே சொன்ன மாலைக்கே திரும்பலாம். வரம்போடு ஓடும்போது 5 வீடியோவுக்கு 20, இரண்டு அழைப்புக்கு 6, புரட்டிக்கொண்டிருக்கும் 12 பேருக்குச் சராசரியாக 12, பதிவிறக்குபவருக்கு 4 என மொத்தம் 42 எம்பிபிஎஸ். இது நான்கு மணி நேரம் நீடித்தால் சுமார் 76 ஜிபி. மீதி பத்து மணி நேரம் சராசரியாக 10 எம்பிபிஎஸ் ஓடினால் 45 ஜிபி. நாளொன்றுக்கு 121 ஜிபி. முப்பது நாளில் 3,600 ஜிபிக்கு மேல். அப்படியானால் 27-ஆம் தேதி கடந்ததும் கடை முழுவதும் தவழும். வரம்பு இல்லாத கடையில் அந்த நாள் இன்னும் முன்னதாக வரும். இந்த எல்லை இல்லாத வணிக இணைப்பை வாங்கலாம். ஆனால் அதற்கான கட்டணம் கூடுதல், அது கடைசியில் காபி விலையில்தான் வந்து விழும். மாதக் கடைசியில் மட்டும் ஒரு கடையின் வைஃபை மந்தமாகி, ஒன்றாம் தேதி சரியாகிவிட்டால் காரணம் இதுதான்.

வரம்பு தீர்க்காத ஒன்று

வேகக் கட்டுப்பாடு வைத்தும் சில கடைகளில் வைஃபை சரியாவதில்லை. அங்கே நெரிசல் இணைப்பில் இல்லை, காற்றில் இருக்கிறது. வைஃபை பழைய வாக்கிடாக்கியைப் போன்றது: ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே பேச முடியும். மற்றவை காத்திருந்து, காற்று அமைதியான பிறகு பேசும். ஆகவே காற்றில் பங்கு போடப்படுவது நேரம்.

ரௌட்டருக்குப் பக்கத்தில் உள்ள போன் உண்மையில் நொடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது என்று கொள்வோம். தூணுக்குப் பின்னால் கடைசி மூலையில் உள்ள பழைய போனுக்குச் சமிக்ஞை மங்கலாகக் கிடைப்பதால் அது 5 மெகாபிட்டில்தான் பேச முடிகிறது. இருவருக்கும் வரம்பு நான்கு. பக்கத்துப் போன் தன் நான்கை எடுத்துக்கொள்ளக் காற்றின் நேரத்தில் நூற்றில் இரண்டு பங்கு போதும். மூலைப் போனுக்கு அதே நான்கை எடுக்க நூற்றில் எண்பது பங்கு வேண்டும். வரம்பை மீறாமலேயே அந்த ஒரு போன் கடை முழுவதையும் காக்க வைத்துவிடும். இதை அறியாமல் உரிமையாளர் 100-ஐ 300 எம்பிபிஎஸ்ஸாக மாற்றினால் மாதக் கட்டணம் ஏறும், மூலை அப்படியே இருக்கும்.

எங்கே நெரிசல் என்று அறிய ஒரு மடிக்கணினியும் ஒரு கேபிளும் போதும். கூட்ட நேரத்தில் ரௌட்டரோடு நேரடியாகக் கேபிளால் இணைத்துச் சோதித்தால் வேகம் நன்றாக இருக்கிறது, வைஃபையில் மட்டும் இல்லை என்றால் குறை காற்றில். கேபிளிலும் மந்தம் என்றால் குறை இணைப்பில். காற்றில் என்றால் அந்த மூலைக்கு இன்னொரு வைஃபை கருவி வைக்க வேண்டும். கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு நகர்த்த வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்ற மூன்றே. அடுத்த கடையின் ரௌட்டரும் மாடி வீட்டின் ரௌட்டரும் அவற்றையே பிடித்திருக்கும். கஃபேயின் சமையலறையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இயங்குகிறது. பஃப்ஸ் சுட வைக்கும்போதெல்லாம் பக்கத்து மேசையில் வீடியோ நின்றால் அது தற்செயல் இல்லை.

நிலையான எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. காலை எட்டு மணிக்கு மூன்று பேர் மட்டும் இருக்கும்போதும் அவர்களுக்கு நான்குதான். 68 எம்பிபிஎஸ் வீணாகக் கிடக்கும். மாறாக, கிரிக்கெட் இறுதிப் போட்டி நாளில் 30 பேர் ஒன்றாகப் படம் இழுத்தால் தேவை 120 ஆகி 80-ஐத் தாண்டிவிடும். வரம்பு இருந்தும் எல்லோருக்கும் தடைபடும். இருக்கும் வேகத்தை அந்தந்த நொடியில் இழுப்பவர்களுக்குச் சமமாகப் பிரித்துத் தரும் வசதி இப்போது பல ரௌட்டர்களில் இருக்கிறது. அது இருந்தால் காலையில் ஆளுக்கு 25-க்கு மேலும் மாலையில் நான்கும் தானாகவே கிடைக்கும். அந்த வசதி இல்லாத கடை, காலைக்கு ஓர் எண், மாலைக்கு ஓர் எண் என்று வைக்கலாம்.

தொண்ணூறு நிமிடம்

நேர வரம்பின் கதை வேறு. ஒருவர் 90 நிமிடத்துக்கு மேல் இருந்தால் இணைப்புக்குக் கூடுதல் பாரம் எதுவும் இல்லை. வேக வரம்பு அவரைக் கட்டுக்குள்தான் வைத்திருக்கிறது. பாரம் இருக்கைக்கு. மாலை நான்கு மணி நேரத்தில் ஒருவர் சராசரியாக 45 நிமிடம் உட்கார்ந்தால் பத்து இருக்கைகளில் 53 பேர் வந்துபோகலாம். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் 16 பேர்தான். ஒரு காபியோடு மாலை முழுவதும் ஓடும் மடிக்கணினிக்குப் பின்னால், நிற்க இடமில்லாமல் வாசலோடு திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். நேரில் போய் ‘சார், கொஞ்சம் இடம் விடுறீங்களா’ என்று கேட்க எந்தக் கடைக்காரருக்கும் நா எழாது. அந்த வேலையை வைஃபையின் கடிகாரத்திடம் விட்டுவிடுகிறார்.

இந்தத் தயக்கம் பெரிய நிறுவனங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் 2008-இல் தன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் இலவச வைஃபை தந்தது. 2010 ஜூலை 1 முதல் அந்த நேர வரம்பை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இலவசமாக்கியது. ஆயிரக்கணக்கான கடைகள் உள்ள நிறுவனத்துக்கு நெடுநேரம் உட்காருபவரும் ஒரு விளம்பரம். பத்து மேசை வைத்து வாடகை கட்டும் கடைக்கு அந்த வசதி இல்லை.

நேர வரம்புக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் கூறப்படுவதுண்டு: முகவரிகள் தீர்ந்துபோவது. கடையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஓர் எண் முகவரி தர வேண்டும். சாதாரண அமைப்பில் அதனிடம் இருப்பவை 254. ஒருமுறை வந்து இணைந்த போன் அடுத்த முறை கடை வாசலைக் கடக்கும்போதே தானாக இணைந்து ஒரு முகவரியை வாங்கிக்கொள்ளும். பேருந்துக்கு நிற்பவர், மாடி அலுவலகத்துக்குப் போகிறவர் எல்லோரும் இதில் சேர்த்தி. பல ரௌட்டர்களில் ஒரு முகவரி ஒரு நாள் முழுவதும் அந்தக் கருவிக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். நாளுக்கு 300 கருவிகள் எட்டிப் பார்க்கும் இடத்தில் மாலைக்குள் முகவரிகள் தீர்ந்துவிடும். புதிதாக வருபவரின் போன் வைஃபையோடு இணைந்தும் முகவரி கிடைக்காமல் தவிக்கும். ஏற்கெனவே உள்ளவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ‘எனக்கு மட்டும் வரவில்லை’ என்ற புகார் மாலையில் மட்டும் எழுந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆனால் 90 நிமிட வரம்பு இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. அந்த வரம்பு இணையத்துக்குப் போகும் கதவை மூடுகிறது. முகவரியைத் திரும்ப வாங்குவதில்லை. முகவரிக்குத் தனிக் கடிகாரம் உண்டு. அதை ஒரு நாளிலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைத்தால் போதும். கடையில் இருக்கும் போன், பாதி நேரம் கழிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். போய்விட்ட போனின் முகவரி திரும்பி வந்துவிடும். ஆகவே நேர வரம்புக்கு உண்மையான காரணம் நாற்காலிதான். அதைத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

கடிகாரத்தில் உள்ள ஓட்டைகள்

நேரத்தை அளக்கும் விதமும் அட்டையில் சொல்லப்பட வேண்டியது. முன்பு கடைகள் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படும் அடையாள எண்ணை வைத்து நேரத்தைக் கணக்கிட்டன. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம், ஆளைப் பின்தொடர முடியாதபடி, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி எண்ணைக் காட்டத் தொடங்கின. இந்த எண்ணை மாற்றிக்கொள்ளவும் முடியும் என்பதால் அதை மட்டும் நம்பிய கடிகாரம் ஏமாறும். இன்னொரு ஓட்டை அமைப்பவரின் கவனக்குறைவால் வருவது: ஒவ்வொரு இணைப்புக்கும் 90 நிமிடம் என்று வைத்துவிட்டு, மொத்த நேரத்துக்கு வரம்பு வைக்காமல் விடுவது. அப்போது அறுந்ததும் அதே எண்ணை மறுபடி இட்டால் இன்னொரு 90 நிமிடம் கிடைத்துவிடும். தெரிந்தவர் மாலை முழுவதும் இருப்பார். தெரியாதவர் எழுந்து போவார்.

பில்லில் ஓர் எண்ணை அச்சிட்டு, அந்த எண்ணுக்கு மொத்தமாக 90 நிமிடம் என்று வைப்பது இதைவிட நேர்மையான முறை. யார் எவ்வளவு நேரம் என்பது போனைப் பொறுத்திராமல், வாங்கியதைப் பொறுத்ததாகிறது. இரண்டாவது காபிக்கு இரண்டாவது எண். போன் எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்புவதற்குக் காரணம் வேறு. பொது இடத்தில் வைஃபை தருபவர்கள் பயனரை அடையாளம் காணும் வகையில் தர வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2009-இல் அறிவுறுத்தியது. அதற்கும் நேர வரம்புக்கும் தொடர்பில்லை.

இடையில் இணைப்பு அறுந்தால் அது எப்போதும் நேரம் முடிந்ததன் அடையாளமாகாது. பத்து நிமிடம் எதுவும் நடக்காவிட்டால் கருவியை வெளியேற்றும் அமைப்பு பல கடைகளில் உண்டு. தூங்கிப் போன போன் இதில் மாட்டும். எண்ணை மறுபடி இட்டால் மிச்ச நேரம் தொடரும். இதை அட்டை சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் நேரம் போய்விட்டதாக நினைத்துக்கொள்வார்.

அட்டையில் எழுத வேண்டியது

மேலே சொன்னவற்றை எல்லாம் சுருக்கினால், மேசை மேல் நிற்க வேண்டிய குறிப்பு பத்து வரிக்குள் அடங்கும்:

‘வைஃபை இலவசம். பில்லில் உள்ள எண்ணை இட்டு இணையலாம். ஓர் எண்ணில் ஒரு கருவி.

கடைக்கு இருப்பது ஒரே இணைப்பு. ஒருவரின் பெரிய பதிவிறக்கம் மற்றவர்களை நிறுத்திவிடாமல் இருக்க, ஒரு கருவிக்கு இறங்க 4, ஏற 2 எம்பிபிஎஸ் என்று வைத்திருக்கிறோம். வீடியோ அழைப்புக்கு இது போதும். காலை 11 மணிக்கு முன் வேகம் கூடுதலாகக் கிடைக்கும்.

நேரம் 90 நிமிடம். இது இணைப்புக்காக இல்லை, இடத்துக்காக. மாலையில் இருக்கைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. கூட்டம் இல்லாதபோது கவுன்ட்டரில் கேட்டால் இன்னொரு எண் தருவோம்.

இடையில் அறுந்தால் அதே எண்ணை மறுபடி இடுங்கள். மிச்ச நேரம் தொடரும். கடைசி மூலை மேசையில் சமிக்ஞை குறைவு. அழைப்பு இருந்தால் முன்பக்கம் உட்காருங்கள்.’